பார்ப்போம் என்பது விடை ஆகுமா? மீஞ்சூர் வட்டார மறுப்பு வழக்குகள் குறித்து ஓர் ஆய்வு

மனிதர்கள் ஒருவருக்கொருவர் எப்படி மறுக்கிறார்கள் என்பதைப் பற்றி அறிஞர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். என் கண்ணில் பட்டவரை அவற்றில் ஒரு பெருங்குறை உண்டு. எதுவும் மீஞ்சூரில் செய்யப்படவில்லை. பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் மரியாதைப் பேச்சைப் பற்றி எழுதி 1987இல் நூலாக வந்த புகழ்பெற்ற ஆய்வு மூன்று மொழிகளை ஆதாரமாகக் கொண்டது: ஆங்கிலம், மெக்சிகோவின் ட்செல்டால், நம் தமிழ். தமிழுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றை. திட்டும்போதுகூட 'ங்க' சேர்த்துத் திட்டுகிற ஊரில் போய் மரியாதையை அளந்தால் வேறென்ன கிடைக்கும்? ஆய்வுக்களத் தேர்வில் நேர்ந்த இந்தப் பிழையைத் திருத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களத்தைச் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி லோக்கல் தடத்தில், நந்தியம்பாக்கத்துக்கும் அனுப்பம்பட்டுக்கும் நடுவே மீஞ்சூர். கிழக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம், பக்கத்தில் வல்லூர் அனல்மின் நிலையம், வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட், அதையும் தாண்டினால் ஆரம்பாக்கம், தடா, ஆந்திரா. தமிழும் தெலுங்கும் இங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள். இந்தி, ஒடியா, வங்காளம் எல்லாம் வேலைக்கு வந்து வாடகைக்கு இருப்பவை. ஷிப்டு விடுகிற நேரத்தில் ஸ்டேஷன் ரோட்டு டீக்கடையில் நின்றால் இத்தனை மொழிகளிலும் மறுப்பு கேட்கலாம். எந்த மொழியிலும் 'இல்லை' என்று மட்டும் கேட்காது.

கோட்பாட்டுக்கு வெளிநாடு போகத் தேவையில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுவியலில் விடை எட்டு வகை என்று பிரித்து வைத்திருக்கிறார். பத்தாம் வகுப்பில் எல்லாரும் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதி மறந்துவிட்ட பகுதிதான். சுட்டு, மறை, நேர் என்ற முதல் மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்ற ஐந்தும் சுற்றிவளைத்து வந்தாலும் விடையாகவே கொள்ளப்படும். 'இதைச் செய்வாயா?' என்று கேட்டால் 'செய்யமாட்டேன்' என்பது மறை. 'நீயே செய்' என்பது ஏவல். 'கால் வலிக்கிறது' என்றால் உற்றது உரைத்தல், 'கால் வலிக்கும்' என்றால் உறுவது கூறல். 'வேறொன்று செய்கிறேன்' என்பது இனமொழி. 'செய்யாமல் இருப்பேனா?' என்று திருப்பிக் கேட்பது மட்டும் சம்மதம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நேராக மறுக்க ஒரே ஒரு வழி. மறைமுகமாக மறுக்க நான்கு வழி. ஜப்பானியர்கள் 'இல்லை' சொல்லாமல் தப்பிக்கப் பதினாறு வழிகள் வைத்திருப்பதாக கெய்கோ உவேடா 1974இல் ஒரு கட்டுரை எழுதி, அது உலகமெல்லாம் மேற்கோள் காட்டப்படுகிறது. எண்ணிக்கையில் அவர்கள் முந்தலாம். வகைபிரிப்பில் நாம் ஏழு நூற்றாண்டு முன்னால் நிற்கிறோம்.

இனி சோதனை. இடம், பெயர் வேண்டாத ஒரு கம்பெனி. நேரம், செகண்ட் ஷிப்டு முடிய அரைமணி இருக்கும்போது. அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரவில்லை. சட்டப்படி குறித்த நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். சூபர்வைசர் கேட்கிறார்: "தம்பி, இன்னிக்கு ஓ.டி. பாக்கிறியா?"

"அது வந்துணா... காலைலேர்ந்து ஒரே தலவலிணா." உற்றது உரைத்தல். நன்னூலார் கணக்கில் விவகாரம் இங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் சூபர்வைசர் நகரவில்லை. மாத்திரை எடுத்து நீட்டுகிறார்.

"இல்லணா, இப்ப நின்னா கடைசி வண்டி பூடும்ணா." உறுவது கூறல். கம்பெனி வண்டியில் கொண்டுவந்து விடுவதாக அவர் சொல்கிறார்.

"வேணா நாளைக்கி ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு சீக்கிரமா வந்துர்றேன்ணா." இனமொழி.

"குமார கேட்டுப் பாருங்களேன்ணா, அவன் ரூம்ல சும்மாதான் இருக்கான்." இது ஏவல். நன்னூல் உரைகளில் 'நீயே செய்' என்று வருவதை மேலதிகாரியிடம் சொன்னால் மறுநாள் கேட் பாஸ் இருக்காது. அதனால் மீஞ்சூர் வழக்கில் ஏவல் பக்கவாட்டில் திரும்பி, அங்கே இல்லாத மூன்றாம் ஆளின் தலையில் இறங்குகிறது. இலக்கண உலகம் இந்தத் திரிபைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் சூபர்வைசருக்குப் பொறுமை போகிறது. "நிக்கமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் போயிடுறேன்." உடனே பையன் பதறுகிறான்: "ஐயோ, நான் அப்படிச் சொல்லலணா!" நான்கு வகையிலும் மறுத்துமுடித்த ஒருவன், மறுத்ததை மட்டும் மறுக்கிறான். சூபர்வைசர் சிரித்துவிட்டுக் குமாருக்குப் போன் போடுகிறார். யார் மனமும் நோகவில்லை. இருபது நிமிடம் போனதுதான் செலவு.

ஏன் 'மாட்டேன்' மட்டும் வாயில் வரவில்லை? அதே பையன் டீக்கடையில் வடை நீட்டினால் 'வேணாம்' என்று பளிச்சென்று சொல்கிறான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வடையை மறுத்தால் வடை கோபிக்காது. ஓ.டி.யை மறுத்தால் கேட்டவரை மறுத்ததாகிவிடுகிறது. தமிழில் பொருளை மறுப்பது எளிது, ஆளை மறுப்பது கஷ்டம். வேண்டாம் பொருளுக்கு, மாட்டேன் ஆளுக்கு. வீட்டு விருந்தில் இந்த எல்லை குழம்புகிறது, ஏனென்றால் அங்கே சோறும் அக்காதான். அதனால்தான் இலைமேல் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு, 'போதும்க்கா, இப்பவே மூச்சு முட்டுது' என்று உடம்பின்மேல் பழியைப் போட வேண்டியிருக்கிறது. முதல் 'போதும்' கணக்கில் வராது என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

இதில் நுட்பமான ஒன்று. 'முடியாது' என்று சூபர்வைசரிடம் சொன்னால் அது திமிர். 'முடியலணா' என்றால் பாவம். இயலாமையைத்தான் இரண்டும் சொல்கின்றன. ஆனால் முதலாவது இனி எப்போதும் என்று கதவைச் சாத்துகிறது, இரண்டாவது இப்போதைய நிலவரத்தை அறிவிப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. நன்னூல் மொழியில் சொன்னால், ஒரு வினைமுற்றின் வாலை மாற்றியதில் மறை விடை உற்றது உரைத்தலாகப் பதுங்கிவிட்டது.

கடைத்தெரு வழக்கு தனி நூலுக்கு உரியது. இங்கே ஒன்றை மட்டும் பதிவு செய்கிறேன். 'ஒரு சுத்து சுத்திட்டு வரோம்' என்று துணிக்கடையில் சொல்லப்பட்ட மறுகணமே சேலை மடிக்கப்படுகிறது. கேட்டவரும் நம்பவில்லை, சொன்னவரும் நம்பவில்லை. பெண் பார்க்கிற இடத்தில் 'ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்' என்பது இதே குடும்பத்தைச் சேர்ந்தது. தபால் எழுதும் பழக்கம் போய் எல்லார் கையிலும் போன் வந்தபின்னும் லெட்டர் சாகவில்லை, ஏனென்றால் அது போடப்படாமல் இருக்கவே பிறந்தது. இந்த வகையில் மிக உயர்ந்த கண்டுபிடிப்பு 'ஜாதகம் பொருந்தல' என்பதுதான். பொறுப்பு முழுவதும் கிரகங்களுக்குப் போய்விடுகிறது. ரஜ்ஜு தட்டுகிறது என்று வந்த செய்தியை எதிர்த்து மேல்முறையீடு செய்த பெண்வீட்டார் எவரையும் நான் கண்டதில்லை.

ஆய்வின் மையச் சிக்கலுக்கு வருவோம். மீஞ்சூரில் அதிகம் புழங்கும் மறுப்பு மேலே சொன்ன எதுவும் அல்ல. அது 'பார்ப்போம்'. தெலுங்குக்காரர் அதையே 'சூத்தாம்' என்கிறார். இந்திக்காரர் 'தேக்தே ஹைன்' என்கிறார். ஒடியாக்காரர் 'தேகிபா' என்கிறார். கேரளத்து மேனேஜர் 'நோக்காம்' என்கிறார், பெங்களூர் ஆபீசிலிருந்து வருபவர் 'நோடோணா' என்கிறார். இரு வேறு குடும்பங்களைச் சேர்ந்த இத்தனை மொழிகள், மறுப்பு என்று வந்ததும் கண்ணைத் துணைக்கு அழைத்துக்கொண்டன. கை செய்யாததைக் கண் பார்த்துக்கொண்டிருக்கும் போலும்.

இதை நன்னூலின் எட்டில் எங்கே வைப்பது? மறை அல்ல, நேர் அல்ல. யாரையும் ஏவவில்லை. நடந்ததையும் சொல்லவில்லை, நடக்கப்போவதையும் சொல்லவில்லை. மாற்றாக வேறொன்றும் தரவில்லை. கால்வலி என்று சொன்னவனாவது வலியைச் சொன்னான், கேட்டவர் அதிலிருந்து விடையைப் பிரித்தெடுத்துக்கொள்ள முடிந்தது. 'பார்ப்போம்' என்பதிலிருந்து பிரித்தெடுக்க ஒன்றும் இல்லை. ஒன்பதாம் வகை என்று சூத்திரம் எழுதிவிடலாமா என்று முதலில் ஆசைப்பட்டேன். விடை பயப்பதுதான் விடை என்பது நன்னூலார் வைத்த நிபந்தனை. அதில் இது தேறவில்லை. அவர் எட்டோடு நிறுத்தியது சரி.

தமிழனுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. அவன் குரலைக் கேட்டே புரிந்துகொள்கிறான். சிரமம் ஒடிசாவிலிருந்து வந்தவருக்கு. அவர் கற்ற தமிழ் ஷாப் ஃப்ளோர் தமிழ்: எடு, வை, தள்ளு, நிறுத்து, வேணாம். எல்லாம் நேரடி. ஊருக்குப் போக லீவு கேட்கிறார், 'பார்க்கலாம்' என்று பதில் வருகிறது. பார்ப்பார் என்று நம்பி மறுநாளும் வந்து நிற்கிறார். அடுத்த வாரமும் நிற்கிறார். சூபர்வைசருக்கு எரிச்சல்: 'எத்தனை தடவ சொல்றது இவனுக்கு?' ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. இதையே தன் மொழியில் 'தேகிபா' என்று கேட்டிருந்தால் அந்த மனிதர் அன்றைக்கே புரிந்துகொண்டு போயிருப்பார்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு பரிசோதனை உண்டு, செலவில்லாதது. 'பார்க்கலாம்' என்ற சொல் விழுந்ததும் 'எந்தக் கிழமைங்க?' என்று கேட்க வேண்டும். கிழமை வந்தால் சம்மதம். 'சொல்றேன்' என்று வந்தால் மறுப்பு. 'சொல்றேன்பா, எங்க போயிடப் போறேன்' என்று வந்தால் கேள்வி கேட்டதே தவறு. கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போதும் இது செல்லும்: 'கண்டிப்பா வரேன்' என்பவரைவிட 'முகூர்த்தத்துக்கா, ரிசப்ஷனுக்கா?' என்று கேட்பவரை நம்பி இலை போடலாம்.

லீவு தரும் நிலையில் இருப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. சென்ட்ரலிலிருந்து புவனேஸ்வர், ஹௌரா பக்கம் போகும் வண்டிகளில் பண்டிகை நாள் டிக்கெட் வேகமாகத் தீர்ந்துவிடுகிறது. லீவு கிடையாதென்றால், டிக்கெட் திறக்கும் நாளுக்கு முன்பே அதை நன்னூலின் இரண்டாம் வகையில் சொல்லிவிடுங்கள்.