இருபத்தாறு லட்சத்துச் சொச்சத்தில் அந்த ஏழாவது ஆள் யார்?

2024 ஜனவரி 7, 8 தேதிகளில் சென்னை நந்தம்பாக்கத்தில் உலக முதலீட்டாளர் மாநாடு நடந்தது. 631 ஒப்பந்தங்கள், 6,64,180 கோடி ரூபாய், 26,90,657 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். அந்தக் கடைசி ஏழைக் கவனியுங்கள். "சுமார் 27 லட்சம்" என்றிருந்தால் யாராவது கொட்டாவி விட்டிருப்பார்கள். 657 என்று முடிந்ததும், யாரோ வீடு வீடாகப் போய் எண்ணிவிட்டு வந்ததைப் போல ஒரு கம்பீரம் வந்துவிட்டது. இந்த வித்தை ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமில்லை. 2015 மாநாட்டிலும் 2,42,160 கோடி என்று பத்துக் கோடி சுத்தமாகத்தான் சொன்னார்கள்.

இந்த 26,90,657-இல் நேரடி வேலை 14,54,712. மீதி 12,35,945 பேர் மறைமுகம். டீக்கடைக்காரர், மெஸ்காரர், ஷேர் ஆட்டோக்காரர் என்று யாரை வேண்டுமானாலும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். இன்னும் பிறக்காத டீக்கடையின் மாஸ்டரைக்கூட ஒன்றாம் இலக்கம்வரை எண்ணிவிட்ட அரசாங்கம் ஐயா இது!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஆள் பிடிக்கும் காண்ட்ராக்டருக்கும் இந்தப் பாடம் புரியும். "நல்ல சம்பளம்" என்று நோட்டீஸ் ஒட்டினால் பையன்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "மாதம் ரூ. 16,532" என்று ஒட்டினால் பையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அந்தத் தொகை எப்படி உருவாகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 13,000, வருகை போனஸ் 1,500. இதோடு கம்பெனி கட்டவேண்டிய பி.எஃப் 1,560, இ.எஸ்.ஐ 472. எல்லாம் கூட்டினால் 16,532. பொய்யே இல்லை! தொழிலாளியின் பங்காக பி.எஃப் 1,560, இ.எஸ்.ஐ 109 பிடித்தபின் கைக்கு வருவது 12,831. காய்ச்சலில் ஒரு நாள் படுத்தால் அந்த நாள் கூலி 500 போகும். போனஸ் முழுசாகப் போகும். பிடித்தம் போக மிஞ்சுவது 10,906. நோட்டீஸில் பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு காணோம்.

"26 நாள், எட்டு மணி நேரம், கைக்கு 12,831, ஒரு நாள் லீவு போட்டால் 10,906" என்று எந்தக் கம்பத்திலாவது ஒட்டுவார்களா? சம்பளத் தேதியில் பையன் சரிபார்த்துவிடக்கூடிய எண் அது. அதனால்தான் ஒட்டமாட்டார்கள்.

மாநாட்டு மேடைக்கும் அதே கேள்விதான். வேலையில் சேரும் ஆளுக்கு 12 இலக்க பி.எஃப் எண் உண்டு. எந்த ஒப்பந்தத்தால், எந்தத் தொழிற்பேட்டையில், எந்த மாதம்வரை எத்தனை புதிய எண்கள் தொடங்கப்பட்டன, அதில் எத்தனை பேர் காண்ட்ராக்ட், ஒரு வருஷம் கழித்து எத்தனை பேர் மிச்சம் என்று கும்மிடிப்பூண்டிக்கு மட்டுமாவது பட்டியல் போடுங்கள். வேலை வருவதற்கு முன்பே 657 வரை எண்ணத் தெரிந்தவர்களுக்கு, வந்து சேர்ந்தவர்களை எண்ணுவதற்கு மட்டும் விரல் மடங்கவில்லையா?