பாடு இல்லாத நாளுக்கு ஒரு பாலிசி

அனுப்புநர்:
டெலிவரி ஓட்டுநர் சங்கத்தார்,
மீன் அங்காடி அருகில், லூப் ரோடு,
நொச்சிக்குப்பம், சென்னை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
தனிநபர் விபத்துக் காப்பீட்டுப் பிரிவு.

பொருள்: கை போனால் பணம், கையில் கட்டு என்றால் கைவிரிப்பு – தொடர்பாக.

பார்வை: "வருமானச் சான்று இணைக்கப்படவில்லை" என்று தாங்கள் அன்புடன் அனுப்பிய மூன்று கடிதங்கள்.

ஐயா,

மூன்று கடிதமும் கிடைத்தன. மூன்றிலும் ஒரே வாசகம்தான். சம்பளச் சீட்டு கொடுக்க எங்களுக்கு முதலாளி இல்லை. எங்களை "பார்ட்னர்" என்று அழைக்கும் ஒரு செயலி இருக்கிறது. ஆனால் பார்ட்னர் என்ற முறையில் லாபநட்டக் கணக்கைக் கேட்டால் அது பதில் சொல்லாது.

எங்கள் விண்ணப்பத்துக்குக் காரணமான தம்பியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். மந்தைவெளியில் ஒரு வீட்டில் பிரியாணியைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், மழையில் நனைந்த இரும்புத் தகட்டில் வண்டி சறுக்கி விழுந்தார். வலது பக்கக் காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் வண்டியைத் தொடக்கூடாது என்றார் மருத்துவர். செயலி வழியாக வந்த காப்பீட்டுக்கு மனுப் போட்டோம். அங்கிருந்து ஒரே கேள்வி வந்தது: "விழுந்தபோது கையில் ஆர்டர் இருந்ததா?" இல்லை. ஆர்டர் வாடிக்கையாளர் வீட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஆக, பிரியாணி இருந்திருந்தால் தம்பி தொழிலாளி, கொடுத்து முடித்ததும் அவர் வெறும் வழிப்போக்கர். அடுத்த ஆர்டருக்காகக் கடைத்தெருவுக்குத் திரும்பி வருவதும் வேலைதான் என்பதை அங்கே யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

சரி, அரசுத் திட்டம் இருக்கிறதே என்றார்கள். வருடத்துக்கு 20 ரூபாய் கட்டும் பிரதமரின் சுரக்ஷா பீமாவில் தம்பி சேர்ந்திருந்தார். அதில் இறந்தால் 2 லட்சம், ஒரு கையோ ஒரு காலோ ஒரு கண்ணோ மீளாதபடி போனால் 1 லட்சம். ஆறு வாரத்தில் கூடிவிடும் எலும்புக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. 20 ரூபாய்க்கு அதற்கு மேல் கேட்கவும் எங்களுக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தோம். எங்களில் சாகிறவர்களும் கை கால் இழப்பவர்களும் சிலர். எலும்பு முறிந்து ஒன்றரை மாதம் படுத்துவிட்டு, கந்துவட்டிக்காரரோடு எழுந்து வருபவர்களே பலர்.

அந்த ஒன்றரை மாதத்துக்கும் உங்கள் துறையில் ஒரு பெயர் இருக்கிறது: தற்காலிக முழு இயலாமை. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த சரல் சுரக்ஷா பீமாவில் அதைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். வாரத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 0.2 சதவீதம். குறைந்தபட்சத் தொகை இரண்டரை லட்சம் என்பதால் வாரம் 500 ரூபாய் வரும். ஒரு நாளைக்கு 71 ரூபாய். தம்பிக்கு ஆறு வாரத்துக்கு 3,000. அதிகம் வேண்டுமென்றால் பெரிய தொகைக்கு எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கத்தான் வந்தோம். பார்வையில் கண்ட கடிதங்கள் அப்போது வந்தவை.

ஐயா, எங்களில் பாதிப்பேர் இந்தக் குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள். எங்கள் அப்பாக்களுக்கும் சம்பளச் சீட்டு கிடையாது. பாடு கிடைத்த நாளில் பங்கு, கிடைக்காத நாளில் கடன். இருந்தும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் அரசு தருகிறது. அது போதாது என்பது வேறு வழக்கு. ஆனால் போன வருடம் எத்தனை கிலோ வஞ்சிரம் பிடித்தாய், சான்று கொடு என்று யாரும் கேட்பதில்லை. நிலையில்லாத வருமானம் நின்றாலும் ஈடு கட்டலாம் என்பது உங்கள் அலுவலகத்துக்குத்தான் புதுச் செய்தி.

எங்கள் கணக்கோ மீன் கணக்கைவிடத் துல்லியம். எந்த நிமிடம் லாகின் செய்தோம், எத்தனை கிலோமீட்டர் ஓடினோம், மழைக்கு எவ்வளவு கூடுதல், வாரக் கடைசியில் வங்கிக்கு எவ்வளவு வந்தது என்று எல்லாம் செயலியில் இருக்கிறது. ஆகவே ஒரு சூத்திரம் தருகிறோம். விபத்துக்கு முந்தைய 13 வாரங்களை எடுங்கள். அதில் மிகக் குறைந்த இரண்டை விட்டுவிடுங்கள். வெள்ளமும் காய்ச்சலும் ஐடி பிளாக்கும் எல்லோருக்கும் வரும். மீதி 11 வாரத்துக்குச் சராசரி பாருங்கள். தம்பிக்கு 66,000 வந்தது, வாரம் 6,000. படுத்திருப்பவர் பெட்ரோல் போடுவதில்லை என்பதை நாங்களே ஒப்புக்கொள்கிறோம். பெட்ரோலுக்கும் பழுதுக்கும் 1,800 கழித்தால் 4,200, நாளுக்கு 600. அதில் 70 சதவீதம் கொடுங்கள், 420. முதல் மூன்று நாளுக்கு வேண்டாம். 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே சிறு காயங்களுக்கு மூன்று நாள் காத்திருக்கச் சொன்னது, நாங்களும் காத்திருப்போம். மீதி 39 நாளுக்கு 16,380 ரூபாய். வாடகையும் வண்டித் தவணையும் ஓடிவிடும். கந்துவட்டிக்காரருக்குத்தான் நஷ்டம்.

பணம் வருகிறதென்று சுகமாகப் படுத்துவிடுவோமே என்ற கவலை உங்களுக்கு இருக்கும். 600 கிடைக்கும் இடத்தை விட்டுவிட்டு 420-க்குப் படுக்கிறவர் சோம்பேறி அல்ல, நோயாளி. லாகின் செய்த நாளுக்குப் பணத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். மச்சான் ஐடியில் ஓட்டினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அது நடப்பதுதான், மறைக்கவில்லை. அதற்காகத்தான் செயலி வேலை நடுவே முகத்தைப் படம் எடுக்கச் சொல்கிறது. மருத்துவச் சான்றும் எக்ஸ்ரேயும் மச்சானிடம் இரவல் கிடைக்காது.

கடைசியாகப் பிரீமியம். வாராவாரம் பேஅவுட்டில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றோம். காப்பீட்டுச் சட்டம் 1938-இன் 64விபி பிரிவைக் காட்டினீர்கள்: பணம் முன்னால் வராமல் பொறுப்பு தொடங்காது. சங்கத்தின் பேரில் குழுக் காப்பீடு கேட்டோம். காப்பீடு வாங்குவதற்காகவே கூடிய கூட்டம் குழு ஆகாது என்றீர்கள். நாங்கள் கூடுவது டீ குடிக்கவும் வசவு பகிரவும்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் தரத் தயார். அதுவும் செல்லாதென்றால், 2023-இல் தமிழக அரசு எங்களைப் போன்றவர்களுக்கென்றே அமைத்த நலவாரியத்தைப் பாலிசிதாரராக வையுங்கள். வாரியம் வருடப் பணத்தை முன்னால் கட்டட்டும், எங்கள் பங்கை வாரந்தோறும் பேஅவுட்டில் பிடித்துக்கொள்ளட்டும். மீதிக்கு மத்தியச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் செயலி நிறுவனங்களின் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் கேட்க வழி வைத்திருக்கிறது. பார்ட்னர்களும் பங்கு போடட்டுமே.

இந்தக் கடிதத்தை இடது கையால் தட்டச்சு செய்தவர் மேற்படி தம்பியேதான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்தருளவும். ஆறு வாரம் கழித்துத் திருத்தித் தருவார்.

இப்படிக்கு,
ஆர்டர் கையில் இல்லாத நேரத்தில் கூடிய
சங்கத்தார்.

இணைப்பு: எக்ஸ்ரே 1, பதிமூன்று வாரப் பேஅவுட் விவரம், சம்பளச் சீட்டு – மேற்படி இல்லை.