ரெண்டாவது பிள்ளையின் அப்பா

மே மாதத்தில் பெரம்பலூரில் ஏதாவது ஒரு தனியார் பள்ளி அலுவலகத்துக்குப் போனால் இவரைப் பார்த்துவிடலாம். ஒரு கையில் எல்.கே.ஜி. சேரப்போகும் பையன். மறுகையில் மஞ்சள் பை. பைக்குள் ஆறாம் வகுப்புக்குப் போகும் அக்காவின் கட்டண ரசீதுகள், அடியில் இரண்டு கிலோ செட்டிகுளம் சின்ன வெங்காயம். லஞ்சம் என்று நினைத்துவிடக் கூடாது, "நம்ம காட்டுல வெளைஞ்சது சார், சும்மா வச்சுக்குங்க."

மண்டியில் ரெண்டு மூட்டையாக எடுத்தால் விலை இறங்கும். அதைப் பார்த்தே வளர்ந்தவர் இவர். ரெண்டு பிள்ளையைக் கொடுத்தும் முழு விலையா என்பதுதான் அவருடைய ஆதங்கம்.

மனு முன்பே தயார். 'பொருள்: தம்பிக்குக் கட்டணச் சலுகை கோருதல்.' முதல் பத்தியில் பள்ளியின் புகழ். இரண்டாவதில் மழை பெய்யாமல் வெங்காயம் போனது. மூன்றாவதில் மழை அதிகமாகப் பெய்து வெங்காயம் அழுகியது. இரண்டும் ஒரே வருஷத்தில் நடந்ததா என்று தாளாளர் இதுவரை கேட்டதில்லை. அவரும் விவசாயக் குடும்பம்தான்.

மனு பலிக்காவிட்டால் மச்சான் வருவார்.

"அரியலூர்ல எங்க மச்சான் புள்ளைங்களுக்கு இருபது பர்சன்ட் கொறைச்சிருக்காங்க மேடம்."

"அது வேற மாவட்டம் சார்."

"எப்பலேருந்து மேடம் வேற? 2001ல பிரிச்சாங்க, மறு வருஷமே சேத்தாங்க, 2007ல திரும்பப் பிரிச்சாங்க. மாவட்டத்தையே சேத்துப் பிரிச்சுப் பாத்தவங்க நாம, ஃபீஸ்ல பாக்க மாட்டமா?"

அலுவலக மேடம் சிரிக்காமல் கால்குலேட்டரை எடுக்கிறார். இங்கேதான் நம்மவர் சரிவார். அவர் வீட்டில் போட்ட கணக்கு வேறு: அக்காவுக்கு 32,000, தம்பிக்கு 26,000, ஆக 58,000; பத்து சதவீதம் என்றால் 5,800. பள்ளியின் கணக்கில் சலுகை சின்னவனுக்கு மட்டும். அதிலும் கல்விக் கட்டணத்துக்கு மட்டும். சின்னவனுடைய 26,000-இல் கல்விக் கட்டணம் 14,000. மிச்சமெல்லாம் புத்தகம், சீருடை, இன்னபிற. பத்து சதவீதம் 1,400 ரூபாய். தவணை தப்பினால் அதுவும் கிடையாது. அக்கா பள்ளியை விட்டுப் போன வருஷத்திலிருந்து தம்பி 'ஒற்றைப் பிள்ளை' ஆகிவிடுவான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டும் அவர் எழுந்து போவதில்லை. 1,400-ஐ 1,500 ஆக்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்கே அரை மணி நேரம்.

பாவம், அந்த அரை மணி நேரத்தை வேன் கட்டணத்தில் செலவழித்திருக்கலாம். ரெண்டு பேரும் ஒரே நிறுத்தத்தில் ஏறி ஒரே வாசலில் இறங்குகிறார்கள். தம்பிக்காக வேன் ஒரு அடிகூடக் கூடுதலாக ஓடப்போவதில்லை. ஆனாலும் தலைக்கு 12,000. அதில் பத்து சதவீதம் கேட்டு வாங்கினாலும் 1,200 மிச்சமாகும். இடம் காலியாக வரும் வேனில் பள்ளியும் முரண்டு பிடிக்காது. மனுவில் வேன் என்ற சொல்லே இல்லை.

சட்டம் பேசுகிற அப்பா இன்னொரு ரகம். "ரெண்டாவது பிள்ளைக்குக் கொறைக்கணும்னு கவர்மென்ட் ரூல் இருக்கு" என்பார். தமிழ்நாட்டுக் கட்டணச் சட்டத்தில் அப்படியொரு விதி இல்லை. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு, பள்ளி வாரியாக, வகுப்பு வாரியாக உச்சவரம்பைச் சொல்கிறது. அதற்கு மேல் வாங்கக் கூடாது. கீழே இறங்கத் தடையில்லை. இறங்குவது நிர்வாகத்தின் விருப்பம். அதனால் சட்டத்தைக் காட்டி மிரட்டினால் காரியம் கெடும், அந்த உச்சவரம்பைத் தெரிந்துகொண்டு போனால் கை கொடுக்கும். குழு 20,000 என்று சொல்லியிருக்கும்போது பள்ளி 24,000 கேட்டு, "உங்களுக்காக" 2,000 குறைத்தால், நம்மவர் வாசலில் நின்று மனைவிக்கு வெற்றிச் செய்தி சொல்லிக்கொண்டிருப்பார். உண்மையில் 2,000 அதிகமாகக் கட்டிவிட்டு வந்திருப்பார்.

இரட்டைப் பிள்ளைகளின் அப்பாதான் இவர்களில் தலைவர். எது ரெண்டாவது என்று பள்ளி கேட்டால், பிறந்த நேரம் பார்த்து ஜாதகத்தையே எடுத்து நீட்டுவார். கட்டணம் ரெண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் யார் ரெண்டாவது என்றாலும் ஒரே தொகை. இருந்தாலும் ஜாதகம் உள்ளே போவதில்லை.

நீங்களும் கேட்கப் போகிறீர்கள் என்றால், முதல் தவணை கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். எல்.கே.ஜி. இடங்கள் நிரம்பாமல் இருக்கும் ஏப்ரலில் தாளாளர் நின்று பேசுவார். ஜூனில் அவர் "வெளியே போயிருக்கார்". எதற்குச் சலுகை, எத்தனை வருஷத்துக்கு என்பதை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெங்காயம் கொண்டுபோவது உங்கள் இஷ்டம். அதற்கு ரசீது தர மாட்டார்கள்.