மைசெல்ஃப் செந்தில்

டுசல்டோர்ஃபில் என் உத்தியோகத்துக்கு ஆன்சைட் கோஆர்டினேட்டர் என்று பெயர். சென்னை ஓ.எம்.ஆரில் இருக்கும் பிள்ளைகள் எழுதுவதை ஜெர்மன் கிளையண்ட்டுக்கும், ஜெர்மன் கிளையண்ட் எழுதாமல் விட்டதைச் சென்னைப் பிள்ளைகளுக்கும் புரியவைப்பதுதான் வேலை. ஊரில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்று அம்மா சொல்லிவிடுவார். எனக்கும் அதுவே வசதி. ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை மெயில்களிலிருந்து பொறுக்கி எடுக்கும் வேலைக்குத்தான் யூரோவில் சம்பளம் வருகிறது என்று தெரிந்தால் எங்கள் தெருவில் பெண் கொடுப்பார்களா?

அந்தச் சொல் "மைசெல்ஃப்". புதிதாக ஒரு பையன் ப்ராஜக்டுக்குள் வந்தால் கிளையண்ட்டுக்குத் தன்னை அறிமுகம் செய்து ஒரு மெயில் போட வேண்டும். இப்போதைக்கு அவனைச் செந்தில் என்று வைத்துக்கொள்வோம். செந்தில் எனக்கு அனுப்பிய வரைவு இதுதான்: "டியர் சார், வெரி குட் மார்னிங். மைசெல்ஃப் செந்தில் ஃப்ரம் சென்னை. ஐ ஆம் ஹாவிங் ஃபைவ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் இன் ஜாவா. கைண்ட்லி டூ த நீட்ஃபுல்."

இதைப் பெறப் போகும் சார் ஒரு பெண்மணி. அதுவும் முனைவர் பட்டம் பெற்றவர். ஜெர்மனியில் அந்தப் பட்டம் சும்மா சுவரில் தொங்குவதில்லை. விரும்பினால் அடையாள அட்டையிலேயே போட்டுக்கொள்ளலாம். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ஃப்ராவ் டாக்டர்தான். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

சரி, மைசெல்ஃபில் என்ன குற்றம்? அது பைக்கில் பின்னால் உட்காரும் ஆள். முன்னால் ஓட்ட "ஐ" இருக்க வேண்டும். "ஐ இன்ட்ரடியூஸ்டு மைசெல்ஃப்" என்றால் ஓட்டுபவரும் உண்டு, உட்கார்ந்தவரும் உண்டு. "ஐ டிட் இட் மைசெல்ஃப்" என்றாலும் அப்படியே. "மைசெல்ஃப் செந்தில்" என்பதில் ஓட்ட ஆளில்லை, வினைச்சொல்லும் இல்லை. ஆனால் தமிழனுக்கு அந்த இல்லாமை உறுத்தவே உறுத்தாது. "நான் செந்தில்" என்று இரண்டே சொல்லில் நாம் முழு வாக்கியம் பேசி முடித்துவிடுகிறோம். அதில் எந்த வினைச்சொல்லைக் கண்டோம்?

அப்படியென்றால் "ஐ செந்தில்" என்றல்லவா எழுத வேண்டும், மைசெல்ஃப் எங்கிருந்து வந்தது? என் சந்தேகம் முழுக்க ஒண்ணாம் வகுப்பு மிஸ் மேல்தான். "இன்ட்ரடியூஸ் யுவர்செல்ஃப்" என்று அவர் கேட்பார். யுவர்செல்ஃபுக்குப் பதில் மைசெல்ஃப் என்று பிள்ளை பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு நோட்டில் முதல் கட்டுரையின் தலைப்பே "மைசெல்ஃப்". தலைப்புக்குக் கீழே பெயர், வகுப்பு, பிடித்த நிறம், பிடித்த பழம். பையன் வளர்ந்து பி.இ. முடித்து ஜாவா கற்று ரைன் நதிக்கரைக்கு மெயில் எழுதும்போதும் தலைப்பைத்தான் எழுதுகிறான். பிடித்த பழம் இருந்த இடத்துக்கு ஐந்து வருட எக்ஸ்பீரியன்ஸ் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சங்கடம், ஃப்ராவ் டாக்டருக்கும் ஆங்கிலம் பள்ளியில் படித்த மொழிதான். லண்டன்காரர் என்றால் இது இந்தியர் பழக்கம் என்று கடந்துபோவார். ஜெர்மன்காரர் தன் மொழியின் வழியாக வாசிப்பார். அங்கே இதற்கு நேரான சொல் "தானே, நேரடியாக" என்று அழுத்தம் கொடுப்பது. ஆக அவர் காதில் "சாட்சாத் செந்திலே வந்திருக்கிறேன்" என்று விழும். விசில் அடிக்க வேண்டிய இடம். ஆனால் யார் இந்தச் செந்தில் என்பது மட்டும் தெரியாது.

இது அவுட்லுக் கண்ணில் படாதா என்று கேட்கலாம். மைசெல்ஃபில் எழுத்துப்பிழை கிடையாது. சிவப்புக் கோடு வரவே வராது. பையன்களோ சிவப்புக் கோடு இல்லையென்றால் ஐ.எஸ்.ஓ. முத்திரை குத்தியது போல நிம்மதியாகிவிடுவார்கள். நேரமும் நம் கட்சி இல்லை. கோடையில் சென்னை எங்களுக்கு மூன்றரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் நாலரை. நான் காலை எட்டுக்கு டிராமில் தொங்கிக்கொண்டு வரும்போது அங்கே டீ, வடை எல்லாம் முடிந்து மெயில் கிளம்பியிருக்கும்.

கிளம்பியதைத் திருப்பி அழைக்க ரீகால் என்று ஒரு பட்டன் இருக்கிறதே என்று முன்பு ஒரு பையன் அதை அழுத்தினான். ரீகால் ஒரே நிறுவனத்தின் மெயில் அமைப்புக்குள்தான் வேலை செய்யும், அங்கேயும் எப்போதும் கைகொடுக்காது. வெளி நிறுவனத்துக்குப் போன மெயில் அவர்கள் பெட்டியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். கூடவே "அனுப்பியவர் இதைத் திரும்பப் பெற விரும்புகிறார்" என்று இன்னொரு மெயில் போய்ச் சேரும். அதுவரை முதல் மெயிலைத் திறக்காதவர்கூட, என்ன ரகசியமோ என்று திறந்து வாசிப்பார். அதனால் முதல் மெயில் என் கண்ணில் பட்ட பிறகே போக வேண்டும் என்று டீமில் ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

செந்திலிடம் மைசெல்ஃபை எடு என்றேன். எடுத்தான். "ஐ மைசெல்ஃப் ஆம் செந்தில்" என்று வந்தது. இப்போது ஓட்டுநரும் இருக்கிறார், பில்லியனும் இருக்கிறது. ஆனால் செந்தில் என்று வேறு யாரோ உரிமை கொண்டாடி வழக்கு நடப்பது போலத் தொனிக்கிறது. அடுத்து "மை குட் நேம் இஸ்" வந்தது. அது இந்திக்காரர் வீட்டு மரியாதை, நல்ல பெயர் என்றால் கெட்ட பெயர் எது என்று இங்கே விழிப்பார்கள். அதற்கடுத்து "செந்தில் திஸ் சைட்". இது டெல்லிப் பக்கத்து டீமிடமிருந்து தொற்றிய வியாதி. "திஸ் இஸ் செந்தில்" என்பது போனுக்குச் சரி. ஜெர்மன்காரர்கள் போனை எடுத்தவுடன் குடும்பப் பெயரை மட்டும் ஒரு வெட்டு வெட்டிச் சொல்லுவார்கள், அதற்குப் பதிலாக அது பொருந்தும். மெயிலில் வேண்டாம்.

"அப்ப என்னதான்ணா போடறது?"

"'ஐ ஆம்' போடுடா. காசா பணமா?"

ஆனால் சொல்லை மாற்றிவிட்டால் மெயில் சரியாகிவிடும் என்று நினைத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். ஃப்ராவ் டாக்டருக்குச் செந்திலின் பெயர் முக்கியமில்லை. நேற்றுவரை இன்வாய்ஸ் இன்டர்ஃபேஸைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் எங்கே போனாள், இனி பிரச்சினை வந்தால் யாரைப் பிடிப்பது என்பதே அவர் கவலை. ஜெர்மன் அலுவலகங்களில் இப்படிப் பிடித்துக் கேட்கக்கூடிய ஆளுக்கு "அன்ஷ்ப்ராஹ்பார்ட்னர்" என்று ஒரு பட்டமே உண்டு. அந்த ஆள் யார் என்று தெரியாவிட்டால் அவர்களுக்கு இரவில் தூக்கம் வராது. கவலையும் நியாயமானது. 2025 ஜனவரி 1 முதல் நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் மின்னணு இன்வாய்ஸைப் பெற்றுக்கொள்ள ஒவ்வொரு ஜெர்மன் நிறுவனமும் தயாராக இருக்க வேண்டும் என்பது சட்டம். பி.டி.எஃப்பை மெயிலில் இணைத்தால் போதாது, இயந்திரம் வாசிக்கும் வடிவத்தில் வர வேண்டும். செந்தில் ஏற்றுக்கொண்டது அந்த வேலையை.

"இந்த நீட்ஃபுல்னு போட்டிருக்கியே, அது என்னடா?"

"சாம்பிள் இன்வாய்ஸ் மூணு வேணும்ணா. அதை வெச்சுத்தான் டெஸ்ட் பண்ணணும்."

அதை எழுத வேண்டியதுதானே! கடைசியில் மெயில் இப்படி உருப்பெற்றது: டியர் டாக்டர் இன்னார். நான் சென்னை டீமின் செந்தில்குமார். இன்வாய்ஸ் இன்டர்ஃபேஸை இன்னாரிடமிருந்து பொறுப்பேற்றிருக்கிறேன், திங்கட்கிழமை முதல் அதற்கு நானே உங்கள் தொடர்பாளர். புதிய வடிவத்தைச் சோதிக்க மூன்று மாதிரி இன்வாய்ஸ்கள் புதன்கிழமைக்குள் தேவை. நாலே வாக்கியம், அதுவும் "ஐ ஆம்" என்று ஆரம்பிக்கும் ஆங்கிலத்தில். ஐந்து வருட ஜாவாவை எடுத்துவிட்டேன். செந்திலுக்குக் கொஞ்சம் வருத்தம். ஜாவா தெரியாதவனையா இந்த வேலையில் போட்டிருப்பார்கள் என்று சமாதானம் சொன்னேன். எங்கள் கம்பெனி அதையும் செய்யும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பெயர் முழுசாகக் கையெழுத்துப் பகுதியில் வந்தால் போதும். இங்கே அந்தப் பகுதிக்கே சட்டம் இருக்கிறது. 2007 ஜனவரி 1 முதல் ஜெர்மன் ஜி.எம்.பி.ஹெச். நிறுவனங்களின் வணிக மெயில்களில் நிறுவனம் எந்த ஊரில் பதிவானது, எந்த நீதிமன்றத்தில், பதிவு எண் என்ன, நிர்வாக இயக்குநர்கள் யார் யார் என்பதெல்லாம் இருந்தாக வேண்டும். அதனால் "ஓகே, நன்றி" என்று வரும் மெயிலுக்குக் கீழே ஒரு கல்வெட்டே தொங்கும். அதன் தலையில் செந்தில் தன் பெயருக்கு முன்னால் "மிஸ்டர்" என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொண்டான். நம்மூர்ப் பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரியாமல் ஜெர்மன் வணக்கவுரையைத் தொடங்கவும் முடியாது.

மெயில் போனது. அன்று மாலையே பதில் வந்தது, மூன்று இன்வாய்ஸோடு. "டியர் மிஸ்டர் முருகேசன்" என்று ஆரம்பித்திருந்தார் ஃப்ராவ் டாக்டர்.

முருகேசன் செந்திலின் அப்பா. தர்மபுரியில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறதே என்று அப்பா பெயரை நிரப்பி வைத்தோம். அலுவலக முகவரிப் பட்டியலில் அது முதலில் போய் உட்கார்ந்துகொண்டது. டுசல்டோர்ஃபில் எனக்கு வரும் கடிதங்களெல்லாம்கூட எங்கள் அப்பாவுக்குத்தான். மின்சாரக் கட்டணம் பாக்கி என்று அவரைத்தான் இங்கே மிரட்டுகிறார்கள். அடுத்த மெயிலில் "ப்ளீஸ் கால் மீ செந்தில்" என்று ஒரு வரி போடச் சொன்னேன். சென்னையில் பிறந்த மெயில் எல்லாவற்றிலும் அதை இப்போது டெம்ப்ளேட்டாக்கிவிட்டேன். பாதி கிளையண்ட்டுகள் கேட்கிறார்கள். மீதிப் பேர் மிஸ்டர் செந்தில் என்று ஒரு சமரசத்துக்கு வருகிறார்கள்.

செந்தில் பதிலை இரண்டாம் தடவை வாசித்துவிட்டுப் போன் செய்தான். குரலில் கலவரம்.

"அண்ணா, கடைசி வரியப் பாருங்க. 'ப்ளீஸ் சென்ட் மீ யுவர் கொஸ்டின்ஸ் அன்டில் ஃப்ரைடே'ன்னு போட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் கேள்வி அனுப்பிக்கிட்டே இருக்கணுமா?"

வெள்ளிக்கிழமைக்குள் என்பதும் வெள்ளிக்கிழமை வரை என்பதும் ஜெர்மனில் ஒரே சொல். ஃப்ராவ் டாக்டர் ஆங்கிலத்திலும் அதை அப்படியே இறக்கியிருக்கிறார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புனா போதும்டா."

"அவங்களுக்கு இதை யாருண்ணா திருத்துவாங்க?"

"அவங்கதான் நமக்குப் பில் பாஸ் பண்றவங்க. பேசாம வேலையப் பாரு."