உபயோகத்தில் இல்லாதவன் எழுதும் கடிதம்

என் மைத்துனன் கும்பகோணத்தில் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவன். அவனுடைய செல்போன் எண் எழுதப்படாத இடம் அவன் நெற்றி மட்டும்தான். சாம்பார் அண்டாவில் வெள்ளை பெயின்ட், வேனின் மூன்று பக்கம், பரிமாறும் பையன்களின் முதுகு, போதாததற்கு வருஷா வருஷம் வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொடுக்கும் தினசரி காலண்டர் அட்டையில் பிள்ளையாருக்குக் கீழே கொட்டை எழுத்தில். அந்த எண்ணைத்தான் ஆனி மாதத்தில், ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆள் பிடிக்கிற நேரத்தில், போன் கம்பெனி நிறுத்திவிட்டது.

நிறுத்தியது அவனுக்கே தெரியாது. இரண்டு சிம் போடுகிற போன். இன்டர்நெட் இன்னொரு சிம்மில் ஓடுகிறது, வாட்ஸ்அப்பில் குட் மார்னிங் வந்துகொண்டிருக்கிறது. அழைப்பு ஏதும் வராததைப் பார்த்து, பக்கத்துத் தெருக்காரன் இலைக்கு இருபது ரூபாய் குறைத்துவிட்டான் என்று முடிவுகட்டி, அவனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். உண்மை வேனில் ஏறி வந்தது. அய்யம்பேட்டையிலிருந்து ஒருவர் நேரில் வந்து, "ஏம்ப்பா, தொழிலை விட்டுட்டியாமே?" என்றார்.

மைத்துனன் என்னிடம் வந்தான். ஆபீசில் முப்பது வருஷம் தலைமை குமாஸ்தாவாக மனு எழுதியவன், மனுவுக்குப் பதிலும் எழுதியவன் நான். எங்கள் குடும்பத்தில் இது ஒரு வியாதியாகவே கருதப்படுகிறது.

"அத்தான், ஒரு லெட்டர் எழுதுங்க. அஞ்சு லட்சம் நஷ்டஈடு. படிச்சதும் அவனுக்குக் கை நடுங்கணும்."

"மாப்ளே, முதல்ல நம்பர் என்ன நிலைமையில இருக்குன்னு பார்ப்போம்" என்றேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம். போன் போகவில்லை என்பது வேறு, என்ன காரணத்தால் போகவில்லை என்பது வேறு. அந்த அம்மாள் குரல் சொல்லும் வாசகத்தைக் காதுகொடுத்துக் கேட்டால் பாதி நோய் பிடிபட்டுவிடும். 'சுவிட்ச் ஆஃப்' என்றாலோ 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றாலோ எண் உயிரோடு இருக்கிறது, கருவியோ சிக்னலோதான் இல்லை. 'உபயோகத்தில் இல்லை' என்றால் கம்பெனியின் பேரேட்டிலிருந்தே பெயர் அடிபட்டுவிட்டது என்று அர்த்தம். வேறு கம்பெனி போனிலிருந்து அடித்துப் பார்த்தோம். அடிபட்டுத்தான் இருந்தது. பக்கத்தில் இன்னொரு போனை வைத்து அந்தக் குரலைப் பதிவு செய்யச் சொன்னேன். தன் தொழில் செத்த செய்தியை அவன் தன் கையாலேயே பதிவு செய்தான். பின்னால் எங்களிடம் இருந்த ஆதாரங்களிலேயே உருப்படியானது அதுதான்.

அடுத்தது புகார். கம்பெனியின் புகார் எண்ணுக்கு என் அக்கா மகனின் போனிலிருந்து அழைத்தோம். பிரச்சினைக்குரிய பத்து இலக்க எண்ணை அழுத்தச் சொன்னது. அழுத்தினோம். "இந்த எண் எங்கள் வாடிக்கையாளருடையது அல்ல" என்றது. அதைச் சொல்லத்தானே தாயே அழைத்தோம்? எப்படியோ ஒரு மனிதக் குரலைப் பிடித்தபோது, அடையாளம் சரிபார்க்க ஓடிபி அனுப்புவதாகச் சொன்னார். எந்த எண்ணுக்கு? செத்த எண்ணுக்கு. புகார் பதிவானதற்கான டாக்கெட் நம்பர்? அதுவும் செத்த எண்ணுக்கே எஸ்எம்எஸ்ஸில் வருமாம். இறந்தவரின் வாரிசுச் சான்றிதழை இறந்தவரே நேரில் வந்து வாங்கிக்கொள்ளவேண்டும் என்கிற அளவுக்கு இது ஒழுங்கான ஏற்பாடு.

ஆனால் அந்த டாக்கெட் நம்பரை விடக்கூடாது. டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012-ல் போட்ட விதிகளின்படி புகார் இரண்டு படி. முதலில் கம்பெனியின் புகார் மையம். அங்கே தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி. அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. டாக்கெட் நம்பர் இல்லாமல் இரண்டாவது படியில் கால் வைக்க முடியாது. டிராய்க்கே நேராக எழுதலாமே என்று மைத்துனன் கேட்டான். தனி மனிதர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை, கம்பெனிக்கே தள்ளிவிடும். அதனால் புகார் மையத்துப் பையனை வாய்விட்டு டாக்கெட் நம்பரைச் சொல்லச் சொல்லி, காலண்டர் தாளைக் கிழித்து எழுதிக்கொண்டோம். அன்றைக்கு அஷ்டமி என்பதும் கூடவே பதிவாயிற்று.

புகாருக்கு வந்த பதில் ஒரே வரி: 'தங்கள் வேண்டுகோளின்படி இணைப்பு துண்டிக்கப்பட்டது.'

இதற்குமேல்தான் கடிதம். மைத்துனன் ஒரு வரைவு கொண்டுவந்திருந்தான். முதல் வரியிலேயே அஞ்சு லட்சம், கடைசி வரியில் "உங்கள் குடும்பத்தில் நல்ல காரியமே நடக்காது". சமையல்காரன் சாபம் என்பதால் கொஞ்சம் பலிக்கும்தான், ஆனால் அதற்குத் தனி விதி இல்லை. எண், விளக்கம், நஷ்டஈடு என்ற மூன்று கோரிக்கைகளையும் மூன்று தனிப் பத்தியாகப் பிரித்தேன். ஒன்றாகக் கலந்தால் எது சுலபமோ அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதை விழுங்கிவிடுவார்கள். இந்த வித்தையைப் பதில் எழுதும் நாற்காலியில் உட்கார்ந்து நானே செய்திருக்கிறேன்.

முதல் பத்தி எண்ணைத் திரும்பக் கேட்பது. இதில் பணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை, ஏனென்றால் இதற்குத்தான் அவசரம். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் வரை புது ஆளுக்குக் கொடுக்கக்கூடாது. அதற்குப் பிறகு கொடுக்கலாம். அப்புறம் எங்கேயோ ஒரு பல் டாக்டருக்கு எண் போய், காலண்டரைப் பார்த்து அழைப்பவர்களெல்லாம் அவரிடம் முந்நூறு இலைக்கு விலை கேட்பார்கள். 'துண்டித்த தேதி இது. மறுஒதுக்கீடு செய்யாமல் எண்ணை நிறுத்தி வைக்கவும்' என்று தனி வாக்கியமாகவே எழுதினேன்.

இரண்டாவது பத்தி விளக்கம். 'விளக்கம் தரவும்' என்று மொட்டையாகக் கேட்டால் 'தொழில்நுட்பக் காரணம்' என்று மொட்டையாகவே வரும். அதனால் ஆவணமாகக் கேட்டேன்:

"வேண்டுகோளின்படி துண்டித்ததாகச் சொல்கிறீர்கள். அந்த வேண்டுகோள் எந்தத் தேதியில், எந்தக் கடையில், யாரால், எந்த அடையாளச் சான்றின் பேரில் தரப்பட்டது? அதை உறுதிசெய்ய என் எண்ணுக்கு நீங்கள் அனுப்பிய எஸ்எம்எஸ் எது? அதற்கு நான் அளித்த பதில் எது? நகல் தரவும்."

மூன்றாவது பத்திதான் குடும்பத்தைப் பிரித்தது. வராத அழைப்புக்கு நஷ்டஈடு கேட்பதில் ஒரு தத்துவச் சிக்கல் இருக்கிறது. அழைப்பு வராததால் நம் போனில் தடயமே கிடையாது. மிஸ்டு கால் என்று காட்டக்கூட எண் உயிரோடு இருக்கவேண்டும். சாட்சி இருப்பது அழைத்தவரின் போனில். அவர்களுடைய அழைப்புப் பட்டியலில் நம் எண், தேதி, நேரம் எல்லாம் இருக்கும், பழசாகி அழிவதற்குள் பிடிக்கவேண்டும். மைத்துனன் பழைய நோட்டைப் புரட்டி, விசாரிக்க வாய்ப்புள்ள வீடுகளுக்கெல்லாம் என் போனிலிருந்து பேசினான். அவன் சொன்ன பட்டியலில் ஊரில் பாதிக் கல்யாணம் இருந்தது. படத்தோடும் கையெழுத்தோடும் தேறியது இரண்டு.

ஒன்று திருநாகேஸ்வரத்தில் அறுபதாம் கல்யாணம். 300 இலை, இலைக்கு 220, ஆக 66,000 ரூபாய்.

"எழுதுங்க அறுபத்தாறாயிரம்!"

"மாப்ளே, அரிசி, காய்கறி, ஆள்கூலி, கேஸ் எல்லாம் அவங்க வீட்டு உபயமா? அதெல்லாம் உனக்குச் செலவாகவே இல்லையே. உனக்கு நிக்கறது என்ன?"

வெகு நேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு, நூற்றுக்குப் பதினைந்து என்றான். வருமான வரிக்கு அவன் சொல்லும் கணக்கு வேறு, அதை நான் கிளறவில்லை. ஆக 9,900.

இன்னொன்று அந்த அய்யம்பேட்டைக்காரர் வீட்டுக் கல்யாணம். 600 இலை, 250 வீதம் ஒன்றரை லட்சம், லாபம் 22,500. ஆனால் அதே முகூர்த்தத்தில் இவன் சும்மா இருக்கவில்லை. நேரில் வந்து கேட்டவருக்கு 200 இலை ஒப்புக்கொண்டு 7,500 பார்த்துவிட்டான். அதைக் கழிக்கவேண்டும்.

"அதை எதுக்கு அத்தான் அவன்கிட்ட சொல்லணும்?"

"நாம சொல்லலைன்னா அவன் வக்கீல் சொல்லுவான். சொன்னா மத்த கணக்கும் போகும்."

கழித்து 15,000. இரண்டும் சேர்ந்து 24,900. மைத்துனன் என்னைப் பார்த்த பார்வையில், கம்பெனிக்காரன் மேலிருந்த கோபம் முழுக்க எனக்கு மாறிவிட்டது தெரிந்தது. தன் அக்காவை எனக்குக் கட்டிக்கொடுத்ததையே மறுபரிசீலனை செய்கிறான் என்று தோன்றியது. மன உளைச்சலுக்குத் தனியாக 50,000 சேர்த்தேன். அதற்கு ரசீது வேண்டாம்.

கடிதத்தில் இன்னொரு வரியையும் திணித்தேன்: 'இது சுயதொழில் மூலம் என் பிழைப்பை நடத்துவதற்காக வைத்துள்ள இணைப்பு.' நுகர்வோர் சட்டத்தில் வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோரே இல்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. தொழில் நஷ்டம் கேட்கிறவன் இந்த வரியை மறந்தால், தன் கழுத்துக்குத் தானே கயிறு எடுத்துக் கொடுத்தவனாவான்.

ஒப்புகையோடு தபாலிலும், மின்னஞ்சலிலும் மேல்முறையீடு போயிற்று. எண் உயிர் பெற்றது. அண்டாவுக்கு மறுபடி மரியாதை வந்தது. விளக்கமும் வந்தது: வேறொருவர் தன் இணைப்பை ஒப்படைக்க வந்திருக்கிறார், பதிவு செய்தவர் அவருடைய எண்ணில் 6-ஐ 9 என்று அடித்துவிட்டார். ஒரு விரல் ஒரு கட்டம் தள்ளிப்போனதற்குக் கடிதத்தின் தலைப்பு 'அமைப்புசார் தொழில்நுட்ப நிகழ்வு'. அந்த 6-க்காரர் இன்னமும் ஒப்படைத்த எண்ணுக்குப் பில் கட்டிக்கொண்டிருப்பார் என்பது என் கவலை. அவருக்கு யார் கடிதம் எழுதிக் கொடுப்பார்களோ.

நஷ்டஈடு பத்திக்குப் பதில்: 'நல்லெண்ண அடிப்படையில் தங்களுக்கு ஒரு மாதம் தினமும் 2 ஜிபி டேட்டா இலவசம். ஒப்பந்த விதிகளின்படி தொழில் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல.'

"ரெண்டு ஜிபியில எத்தனை இலை போடலாம் அத்தான்?" என்றான் மைத்துனன்.

இத்தோடு நின்றுவிடுபவர்கள்தான் அதிகம். முன்பெல்லாம் நிற்கத்தான் வேண்டியிருந்தது. போன் தகராறு என்றால் 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவைக் காட்டி, மத்தியஸ்தரிடம் போ என்று நுகர்வோர் மன்றத்தின் வாசலிலேயே தடுப்பார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் சொல்லியிருந்தது. 2022 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், அந்தப் பிரிவு நுகர்வோர் மன்றத்தின் கதவைச் சாத்தாது என்று தீர்த்துவிட்டது. வழக்குப் போட கம்பெனி இருக்கும் ஊருக்கு ஓடவேண்டியதில்லை, 2019-ம் வருஷச் சட்டத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. மைத்துனன் வாழ்நாளில் ரீசார்ஜ் செய்ததைக் கூட்டினாலும் அந்த வரம்பைத் தொடாது.

தஞ்சாவூர் மாவட்ட ஆணையத்தில் மனு போட்டோம். அந்த ஒப்பந்த விதி அங்கே நிற்கும் என்று கம்பெனி வக்கீல் வாதாடவேண்டும். 9,900-க்கும் 15,000-க்கும் இரண்டு வீட்டுக்காரர்களின் கையெழுத்தோடு நாங்கள் நிற்போம். முழுசும் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. எவ்வளவு குறைத்தாலும், நான் ஏற்கெனவே குறைத்த அளவுக்குக் குறைக்க மாட்டார்கள் என்று மைத்துனன் நம்புகிறான்.

முதல் விசாரணைத் தேதி, திரும்பக் கிடைத்த அதே எண்ணுக்கு எஸ்எம்எஸ்ஸில் வந்தது. அன்றைக்கு வளர்பிறை முகூர்த்தம்.

"அத்தான், அன்னைக்கு 450 இலை ஒத்துக்கிட்டேனே. வாய்தா கேட்டு ஒரு லெட்டர் எழுதுங்க."