அழகர் ஏன் பிந்தினார்?

முதுகலை மாணவி, மேலூர்: யாத்திரை ஆய்வுகளுக்குக் குறிப்புரையோடு ஒரு நூலடைவு தயாரிக்கச் சொல்லியிருக்கிறார் எங்கள் பேராசிரியர். ஒவ்வொரு நூலையும் சுருக்கி எழுதினால் போதாதா?

போதாது அம்மா. சுருக்கத்தைப் படித்தால் நூலில் என்ன இருக்கிறது என்று தெரியும். குறிப்புரையைப் படித்தால் அந்த நூலை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்று தெரியவேண்டும். நூலுக்கு நூற்றைம்பது சொல் வைத்துக்கொள். ஆசிரியர் எதை நிறுவ வருகிறார், அதை எப்படித் தெரிந்துகொண்டார், அந்த வழியில் போனால் எது கண்ணில் படாது, இந்த மூன்றும் அதற்குள் வரட்டும். காசி, ராமேஸ்வரம் என்று அலையாதே. மேலூர்க்காரிக்குச் சித்திரைத் திருவிழா ஒன்றே போதும்.

அதே மாணவி: ஒரு நூலுக்கு எழுதிக் காட்டுங்களேன்.

தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்காகச் செய்த முனைவர் பட்ட ஆய்வு. 1989இல் நூலாக வந்தது.

வாதம்: அழகர்கோயிலை ஆகமத்தையும் கல்வெட்டையும் மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது, கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் ஆகியோருக்கும் கோயிலுக்கும் உள்ள உறவுதான் அதன் உயிர். வழி: கள ஆய்வு, கோயில் ஆவணம், இவற்றோடு திருவிழாவில் பாடப்படும் வர்ணிப்புப் பாடல்கள். வாய்மொழிப் பாட்டைச் சான்றாக வைத்தது இந்நூலின் பலம். வரம்பு: சாதிவாரியாக இயல் பிரித்திருப்பதால் சமூகங்கள் துலக்கமாகத் தெரிகின்றன, தனி ஒருவர் என்ன நேர்ந்துகொண்டு வந்தார் என்பது பின்னால் போய்விடுகிறது. கோயில் முன்பு பௌத்தர்களுடையது என்ற கருத்தை ஊகமாகவே குறிக்கவேண்டும், முடிவாக அல்ல.

கடைசி வாக்கியத்தைக் கவனி. ஒரு நூலுக்குள்ளேயே உறுதியான பகுதியும் ஊகமும் இருக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் உன் நூலடைவை நம்பி வருகிறவர் தவறிவிடுவார்.

ஆய்வாளர், திருமங்கலம்: தங்கை கல்யாணத்துக்கு அழகர் பிந்தி வந்து, கோபித்துக்கொண்டு வண்டியூருக்குப் போன கதையை எந்த நூலைக் காட்டி எழுதுவது?

கதையை யார் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பரஞ்சோதியாரின் திருவிளையாடற் புராணத்தில் திருமாலே தாரை வார்த்துக் கொடுக்கிறார், பிந்தவில்லை. இன்றும் கல்யாணத்தன்று திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள் நேரத்தோடு வந்து தாரை வார்க்கிறார். அழகர்கோயில் மரபோ, மண்டூக முனிவரின் சாபம் தீர்க்கத்தான் அழகர் வருகிறார் என்கிறது. பிந்திய அண்ணன், தெருவில் நிற்கும் மக்களின் கதை.

டென்னிஸ் ஹட்சனின் கட்டுரைகள் இந்த முடிச்சைத்தான் பிடிக்கின்றன. நகரத்துச் சைவக் கோயிலின் விழாவையும் மலையடிவார வைணவக் கோயிலின் விழாவையும் மக்கள் கதை ஒன்றாகக் கட்டுகிறது என்பது அவர் பார்வை. தொ.ப.வுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஒருவர் கதை எப்படி இணைக்கிறது என்று கேட்கிறார். மற்றவர் எந்தச் சமூகம் எந்த உரிமையோடு வருகிறது என்று கேட்கிறார். ஒன்றின் வரம்பு மற்றதைப் படிக்கும்போதுதான் தெரியும்.

கல்லூரி ஆசிரியர், உசிலம்பட்டி: தேனூரில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் மதுரைக்கு மாற்றினார் என்று ஐந்து நூல்களில் இருக்கிறது. ஐந்து சான்று என்று எழுதலாமா?

ஐந்தின் அடிக்குறிப்பையும் பிடித்துக்கொண்டு பின்னால் போங்கள். எல்லாம் ஒரே வாசலில் போய் நின்றால் சான்று ஒன்றுதான், மற்ற நான்கும் எதிரொலி. அடிக்குறிப்பே இல்லையென்றால் ‘ஆதாரம் காட்டாமல் சொல்கிறார்’ என்று குறிப்புரையில் எழுதுங்கள்.

மாணவர், சோழவந்தான்: சி. ஜே. ஃபுல்லரின் நூலைச் சேர்க்கலாமா?

1984இல் வந்த அவருடைய நூல் மீனாட்சியம்மன் கோயில் பட்டர்களைப் பற்றியது. சேருங்கள், ஆனால் யாத்திரிகர் அதன் பொருள் அல்ல என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

அதே மாணவர்: யாத்திரையில் மேல் கீழ் மறைந்து எல்லோரும் ஒன்றாகிவிடுகிறார்கள் என்கிறார் விக்டர் டர்னர். எதிர்சேவைக் கூட்டத்தில் நானே அதைப் பார்த்தேன். அவரை மறுக்க முடியுமா?

பார்த்தது பொய்யில்லை, தம்பி. தல்லாகுளத்தில் தோல்பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் யார் தலை என்று பார்த்து விழுவதில்லை. ஆனால் டர்னரை எழுதும்போது ஐராவதி கார்வேயை விடாதீர்கள். அவர் பண்டரிபுரத்துக்கு வார்க்கரிகளோடு நடந்தே போனவர். 1962இல் கட்டுரையாக எழுதினார். ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு நடந்தவர்கள், சாப்பாட்டு வேளையில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்ததைக் கண்டு மனம் நொந்தார். டர்னரும் அந்தக் கட்டுரையைப் படித்துப் பயன்படுத்தியவர்தான். பாட்டு நேரத்தில் பார்த்தால் ஒன்று தெரிகிறது, பந்தி நேரத்தில் பார்த்தால் வேறு தெரிகிறது. எந்த ஆய்வை எடுத்தாலும் ஆசிரியர் எந்த நேரத்தில், எந்த இடத்தில் நின்றார் என்று தேடி எழுதுங்கள். அடுத்த சித்திரையில் தல்லாகுளத்தோடு திரும்பிவிடாமல் மண்டகப்படிகளுக்கும் போங்கள். சோறு யார் ஆக்குகிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வந்து, அதன்பிறகு டர்னருக்கு வரம்பு எழுதுங்கள்.