ஏககாலத்தில் இரண்டு பொத்தான்கள்

மின்கட்டணம் பாக்கி என்றும், இன்றிரவு ஒன்பதரை மணிக்கு இணைப்பைத் துண்டிக்கப் போவதாகவும், உடனே இன்ன எண்ணில் பேசவேண்டும் என்றும் எவனோ ஒரு புண்ணியவான் அனுப்பிய செய்தியை என் தந்தையார் தொலைபேசியில் சொன்னபோது, பணம் பறிக்கும் தந்திரம் என்று ஊகித்தேனாயினும், அனுப்பிய எண்ணைக் கண்ணால் கண்டு நிச்சயித்துக்கொள்ள விரும்பி, “ஸ்பீக்கர்ல போட்டுட்டு, அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கப்பா” என்று சொல்லிவிட்டேன்.

பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் ஏககாலத்தில் அழுத்தி உடனே விட்டுவிட வேண்டும், காரியம் அவ்வளவே. முதல் பிரயத்தனத்தில் பவர் பொத்தான் முந்திக்கொண்டபடியால் திரை இருண்டது. பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் தட்டச்சு செய்தவராயிற்றே என்று, “ஷிப்ட் கீயைப் பிடிச்சுக்கிட்டு அடிப்பீங்களே, அந்த மாதிரி” என்றேன். உவமை விபரீதமாக முடிந்தது. ஒலிப் பொத்தானைச் சாஸ்திரோக்தமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றதை அவர் சாவகாசமாகத் தேட, என் குரல் படிப்படியாகத் தேய்ந்தது.

“என்னடா, கிணத்துக்குள்ளேருந்து பேசுற?”

மார்கழி பஜனையில் அவர் ஜால்ரா போடுவது அப்போதுதான் ஞாபகம் வந்தது. “ஜால்ரா தட்டுற மாதிரிப்பா! ரெண்டும் சேர்ந்து ஒரே தட்டு!”

திரை மின்னிற்று. ஓரத்தில் சிறு படம் ஒன்று தோன்றி, அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் மறைந்தது. மறைந்தாலும் அது கேலரியில் பத்திரமாக இருக்கும் என்று தேற்றி, முகப்புக்குப் போனாலும் அழைப்பு தொடரும் என்று சத்தியம் செய்து, வாட்ஸாப்பில் என் பெயரைத் திறந்து, காகிதக் கிளிப் குறியைத் தொட்டு, கேலரியில் முதலில் இருப்பதை அனுப்பச் சொன்னேன்.

ஆறு படங்கள் வந்தன. பஜனையில் ஒரே தட்டோடு நிறுத்துகிறவர் யார்? ஆறிலும் என் பெயரும், நாங்கள் பேசிய நேரமுமே இருந்தன. அழைப்புத் திரையைவிட்டு அகன்றால் சம்பாஷணை அறுந்துவிடும் என்று அஞ்சி, அவர் அங்கேயே நின்று தாளம் போட்டிருக்கிறார். செய்தியைத் திறக்கவைத்து, ஏழாவது தட்டில் வெற்றி கண்டோம். எழுத்தாலான பெயரில் வந்திருக்க வேண்டிய அறிவிப்பு, யாரோ ஒரு தனிமனிதரின் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வந்திருந்தது, சந்தேகம் தீர்ந்தது.

“கிடைத்தது. அந்த எண்ணில் பேசாதீர்கள்” என்று எழுதி அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் ஒரு படம் வந்தது: நான் எழுதிய அதே இரண்டு வாக்கியங்கள், ஸ்கிரீன்ஷாட்டாக.

“இது எதுக்குப்பா?”

“ஒப்புகைடா. கோப்புக்கு ஒண்ணு, உனக்கு ஒரு நகல்.”